தொண்ணூற்று நாலு, ஒன்று, பதினைந்து

இந்த வருஷ மழையில் எங்கள் வீட்டு பீரோவுக்குப் பின்னால் சுவர் ஊறி, ஆல்பங்களில் பூசணம் பிடித்தது. பதினோரு ஆல்பம், ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு படம். எண்ணிக்கை எனக்கு எப்படித் தெரியும் என்றால், ரிட்டயர் ஆன வருஷமே ஒவ்வொரு படத்தின் முதுகிலும் பென்சிலால் எண் போட்டு, ஒரு நோட்டில் பட்டியல் எழுதி வைத்தவன் நான். உலகத்தில் வேறு யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று என் மருமகள் சொல்வாள். அது பாராட்டு இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

என் பெயர் சம்பங்கி. ஓசூர் சிப்காட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், யார் வரவில்லை என்று எழுதுவதுதான் என் வேலை. வந்தவனுக்கு மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் ‘பி’, வராதவனுக்கு ‘ஏ’. இதற்கு ஒரு ஆளா என்று கேட்டவர்கள் உண்டு. சம்பள நாளில் அவர்களே என் ஜன்னலுக்கு முன்னால் வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

பேத்தி ஹரிணி கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். டிசம்பர் லீவுக்கு வந்தவள் ஆல்பங்களைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்றாள். சிநேகிதி வீட்டிலிருந்து ஒரு ஸ்கேனரை இரவல் வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். ஒவ்வொன்றாக வைத்து எடுத்தால் லீவு முடிந்துவிடும், அதனால் ஒரு ஸ்கிரிப்ட் எழுதப்போகிறேன் என்றாள்.

“ஸ்கிரிப்ட்டுன்னா என்னம்மா?”

“ஒரு வேலைய எப்படிப் பண்ணணும்னு வரிசையா எழுதி வெச்சுடறது தாத்தா. அப்புறம் அது சலிக்காம ஆயிரம் தடவ அதையே பண்ணும்.”

“அது நான்தானே” என்றேன். சிரித்தாள். இந்த லீவில் அவள் சிரித்ததை எண்ணினால் அது முதலாவது. எல்லாம் சேர்த்தே அதிகம் இருக்காது.

வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். அந்தக் காலத்து ஆல்பங்களில் பசை தடவிய அட்டை, மேலே பிளாஸ்டிக் தாள். படம் பசையோடு இறுகிப்போயிருக்கும்; பிடித்து இழுத்தால் முகம் உரிந்து வரும். தையல் நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து, அறுப்பதுபோல மெல்ல இழுத்து விடுவிக்க வேண்டும். அது என் வேலை. பிறகு உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் பூசணத்தைத் தட்டி, கண்ணாடிமேல் நாலு நாலாகக் கவிழ்த்து வைப்பேன். அவள் மேலே ஒரு கறுப்பு சார்ட்டை விரிப்பாள். ஸ்கேனர் மூடி வெள்ளை, படத்தின் ஓரமும் வெள்ளை. கறுப்பு இருந்தால்தான் ஸ்கிரிப்ட்டுக்குப் படம் எங்கே முடிகிறது என்று தெரியும்.

“விரல் அளவு இடம் விட்டு வை தாத்தா. ரெண்டு ஒட்டிக்கிட்டா ஒரே படம்னு நெனச்சுக்கும்.”

நாலு படமும் ஒரே தாளாக ஸ்கேன் ஆகும். ஸ்கிரிப்ட் அதில் நாலு செவ்வகத்தைத் தேடிப் பிடித்து, கோணலாக இருந்ததை நிமிர்த்தி, தனித்தனியாக வெட்டி, நான் வாசிக்கிற எண்ணையே பெயராக வைத்துவிடும். கோணல் வைத்த படம் நேராக நிமிர்வதைத் திரையில் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. வேண்டுமென்றே சிலதைக் கோணலாக வைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

விதிகளை நான் சொன்னேன். அவள் அதையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் புரிகிற பாஷையில் எழுதினாள். முதல் ஸ்கேன் எப்படி வந்ததோ அப்படியே ஒரு இடத்தில் இருக்க வேண்டும், வெட்டுவதும் திருத்துவதும் நகலில்தான். என் நோட்டில் இருக்கிற ஏதாவது ஒரு எண்ணுக்குப் படம் வரவில்லை என்றால் அன்று மாலையே அது சொல்ல வேண்டும். தேதி எதையாவது திருத்தினால் பழைய தேதியும் பக்கத்தில் இருக்க வேண்டும், எந்த ஆதாரத்தில் திருத்தினோம் என்றும் ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். “ஆபீஸ் மாதிரியே இருக்கு” என்றாள். ஆபீஸில் இப்படித்தான் இருந்தது என்று சொன்னேன். அந்தப் பொய் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஏழாவது ஆல்பத்துக்கு வந்தோம். அது என் மைத்துனன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கேமராவில் எடுத்தது. படத்தின் வலது கீழ் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழும். முதலில் வருஷம், பிறகு மாதம், பிறகு நாள். ஸ்கிரிப்ட் அந்த மூலையை மட்டும் வெட்டி, ஆரஞ்சைத் தவிர மற்ற நிறத்தையெல்லாம் அழித்து, பெரிதாக்கி எண்ணைப் படிக்கும். எட்டைப் பூஜ்யம் என்று படிக்கும், ஏழை ஒன்று என்று படிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்ப்பேன். சரியான தேதி படத்துக்கு உள்ளேயே எழுதப்பட்டுவிடும்; எந்த போனில் திறந்தாலும் அந்த நாளில் எடுத்த படமாக வரிசையில் போய் நிற்கும்.

“தாத்தா, இந்த ரோல் முழுக்க தொண்ணூத்தி நாலு ஜனவரின்னு இருக்கு. ஆனா அப்பா இதுல காலேஜ் பையன் மாதிரி மீசையோட இருக்காரே.”

“பேட்டரி மாத்தினா கேமராவுல தேதி பழசுக்குப் போயிடும். நான் திருத்தாம எடுத்துட்டேன். அந்த ரோலுக்குத் தேதியே வேண்டாம், விட்டுடு.”

“விட வேணாம். தேதிதான் தப்பு, நாள் ஓடறது கரெக்ட்டா ஓடும். இதுல ஏதாவது ஒரு படம் என்னைக்கு எடுத்ததுன்னு தெரிஞ்சா போதும், எல்லாத்தையும் அதே அளவு தள்ளி வெச்சிடலாம்.”

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

அந்த ரோலில் கடைசிப் படம் என்ன என்று எனக்குத் தெரியும். இருபத்தேழு வருஷமாகத் தெரியும். முப்பத்தாறு படம் முடிந்தால்தான் ஸ்டூடியோவில் கழுவக் கொடுக்க முடியும். ஒன்று மிச்சம் இருந்தது. அதைத் தீர்ப்பதற்காகவே கேமராவைக் கம்பெனிக்கு எடுத்துப்போய், முதல் ஷிப்ட்டுக்கு ஆட்கள் வரும்போது டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாக ஒரு படம் தட்டினேன். படத்தில் கார்டில் நேரம் குத்துகிற பஞ்சிங் கிளாக் இருக்கிறது, மணி ஐந்து ஐம்பத்திரண்டு. அதன் முன்னால் கையில் கார்டோடு ஒருவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். ஒப்பந்தத் தொழிலாளி திம்மராயன். சானமாவு பக்கத்து ஆள். மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தொண்ணூற்று நாலு, ஒன்று, பதினைந்து.

அந்தப் படத்தை ஏன் கிழிக்கவில்லை என்று என்னை நானே கேட்டதுண்டு. தைரியம் இல்லை என்பது ஒன்று. அவசியம் இல்லை என்பது இன்னொன்று. படத்தில் தொண்ணூற்று நாலு என்றுதானே இருந்தது. தப்பான தேதி எனக்கு நல்ல பூட்டாக இருந்தது.

அன்று மாலை நான் ஒரு காரியம் செய்தேன். எழுநூற்றுப் பன்னிரண்டாம் எண் படத்தை ஸ்கேனரில் வைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆறு மணிக்கு ஸ்கிரிப்ட் கணக்கெடுத்தது. ‘விடுபட்டது: 712’ என்று திரையில் ஒற்றை வரி. நோட்டில் நானே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன்: 712, கம்பெனி கேட், ஆட்கள்.

“அய்யோ, கீழ எங்கயாவது விழுந்திருக்கும் தாத்தா” என்று மேஜைக்கு அடியில் குனிந்து தேடினாள். பீரோவுக்குப் பின்னால், சோபாவுக்கு அடியில், குப்பைக் கூடையில் தேடினாள். அவள் முட்டி போட்டுத் தேடுவதைப் பார்க்கச் சகிக்காமல் நாற்காலி இடுக்கிலிருந்து எடுத்ததுபோல எடுத்துக் கொடுத்தேன். எண் போட்டவனும் நான்தான், கணக்கு கேட்கச் சொன்னவனும் நான்தான். என் புத்தி என்னையே பிடித்துக் கொடுத்தது.

மறுநாள் காலை ஆதாரத் தேதி கேட்டாள். ரோலில் ஆயுத பூஜைப் படம் இருந்தது. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பக்கத்தில் நான் தொப்பையோடு. கேமரா தேதி ஜனவரி மூன்று.

“அப்பாகிட்ட கேட்டேன், இது தொண்ணூத்தி எட்டாம். அந்த வருஷம் ஆயுத பூஜை செப்டம்பர் முப்பது. நெட்ல பாத்துட்டேன். அதையே போடவா?”

“கம்பெனியில முந்தின நாளே பூஜை போட்டுடுவாங்க” என்றேன். “இருபத்தொம்போதுன்னு போடு.”

சில கம்பெனிகளில் அப்படி உண்டு. எங்கள் கம்பெனியில் இல்லை. பூஜை அன்றே பொரி கடலை வாங்கிக்கொண்டு மதியம் வீட்டுக்குப் போவோம். அவள் நம்பினாள். ஆதாரம் என்ற கட்டத்தில் ‘தாத்தா சொன்னது’ என்று எழுதினாள். ஒரு நாள் தள்ளினால் போதும் என்று அவசரத்தில் நினைத்தேனே தவிர, அந்த ஒரு நாள் எங்கே போய் விழும் என்று பார்க்கவில்லை. முப்பத்தொரு வருஷம் காலண்டரை மனப்பாடமாக வைத்திருந்தவன் நான்.

ஸ்கிரிப்ட் முப்பத்தாறு படத்தையும் ஒரு நொடியில் தள்ளிவிட்டது. தேதிக்குப் பக்கத்தில் கிழமையையும் போட்டுக் காட்டியது. ஹரிணி உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

“ரெண்டு எடத்துல இடிக்குது தாத்தா. தேன்கனிக்கோட்டை அத்தை பொண்ணு காதுகுத்து சனிக்கிழமைன்னு வருது. ஆனா பத்திரிகைய நீயே ஆல்பத்துல ஒட்டி வெச்சிருக்க, அக்டோபர் நாலு, ஞாயித்துக்கிழமைன்னு. அப்புறம் இந்த கேட் போட்டோ, அது பதினொண்ணு, ஞாயிறுன்னு வருது. ஞாயித்துக்கிழமை உங்க கம்பெனி லீவுதானே?”

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“ஒரு நாள் முன்னால தள்ளிட்டோம். முப்பதுன்னு வெச்சா ரெண்டும் சரியாயிடுது. காதுகுத்து ஞாயிறு. கேட் போட்டோ அக்டோபர் பன்னெண்டு, திங்கள்.” ஆதாரக் கட்டத்தில் ‘தாத்தா சொன்னது’ என்பதை அழித்துவிட்டு ‘காதுகுத்துப் பத்திரிகை’ என்று எழுதினாள். “மறந்திருப்ப, பரவால்ல.”

பரவாயில்லை என்று அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதோடு முடிந்தது, யாருக்கு இந்தத் தேதி புரியப்போகிறது என்று அன்று இரண்டு கவளம் அதிகமாகவே சாப்பிட்டேன்.

முகம் பிரிக்கிற வேலை கடைசி. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு படத்திலும் முகங்களைத் தேடி எடுத்து, ஒவ்வொரு முகத்தையும் நூற்று இருபத்தெட்டு எண்களாக மாற்றுமாம். கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி, தாடை வளைவு என்று நாம் பார்க்கிற மாதிரி இல்லை, அதற்குத் தெரிந்த ஏதோ கணக்கு. எண்கள் நெருக்கமாக இருக்கிற முகங்களை ஒரே ஆள் என்று ஒரே போல்டரில் போட்டுவிடும். பெயரை நாம் வைக்க வேண்டும். போன வருஷம் என் மகன் வீட்டு மாடி கட்டி முடித்துப் பால் காய்ச்சிய படங்களையும் அவள் அதில் சேர்த்திருந்தாள், சொந்தக்காரர்களின் இன்றைய முகம் கிடைக்கட்டும் என்று. என் மகனையும் அவன் காலேஜ் மீசையையும் சரியாகச் சேர்த்தது. என்னையும் செத்துப்போன என் அண்ணனையும் ஒரே ஆள் என்றது. சொந்தங்களுக்குள் இப்படிக் குழம்பும் என்று ஹரிணி சொன்னாள்.

பதினேழாவது போல்டரைத் திறந்துவிட்டு மறுபடி சிரித்தாள்.

“இத பாரேன் தாத்தா. நம்ம தண்ணி கேன் முனிராஜ் அண்ணாவ, அவரு கையில கொழந்தையா இருந்த வருஷத்து கம்பெனி கேட்ல நிக்க வெச்சிருக்கு.”

போல்டரில் மூன்று படம். இரண்டு போன வருஷம் எடுத்தவை, முனிராஜ் தோளில் கேனோடு மாடிப்படி ஏறுகிறான். மூன்றாவது எழுநூற்றுப் பன்னிரண்டு. அதே நெற்றி, அதே மேல்பல் தெரிகிற சிரிப்பு. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் வீட்டுக்குள் வந்து ஸ்டாண்டில் கேனைக் கவிழ்த்துவிட்டுப் போகிறவனின் முகத்தை நான் ஆறு வருஷமாக நேராகப் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் பார்த்துவிட்டது.

சிரிப்பு அவள் முகத்திலேயே மெல்ல நின்றுபோனது.

“இது அவங்க அப்பாவா?”

நான் நோட்டைப் புரட்டினேன்.

“அவங்கப்பா லீவு போட்டுட்டு, செவரேறிக் குதிச்சு உங்க கம்பெனில பித்தளை திருடப் போயி, மெஷின்ல விழுந்து செத்தாருன்னு அம்மா சொன்னாங்களே. தொண்ணூத்தி எட்டுல. அம்மாகிட்ட நீதான சொல்லியிருக்க.” திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “அது என்னைக்கு தாத்தா?”

பொய் சொல்ல வாயைத் திறந்தேன், அது உண்மை. ஆனால் எந்தத் தேதியைச் சொன்னாலும் அவள் அதைக் கட்டத்தில் போட்டு, கிழமை பார்த்து, ஆதாரம் கேட்பாள். எனக்குச் சலித்துவிட்டது.

“அன்னைக்குத்தான்” என்றேன். “அந்தத் திங்கக்கிழமை. காலையில எட்டரைக்கு.”

சொன்னேன், எல்லாவற்றையும். திம்மராயன் கார்டு குத்தி முறையாக வேலைக்கு வந்தவன். வார்ப்பு மண் கலக்கும் மில்லைச் சுத்தம் செய்ய உள்ளே இறங்கியிருந்தான். ஆள் உள்ளே இருக்கிறான் என்று சுவிட்சில் பலகை மாட்டவில்லை, அந்தக் கம்பெனியில் அப்படி ஒரு பலகையே கிடையாது. யாரோ சுவிட்சைப் போட்டார்கள். ஒன்பது மணிக்கு மேனேஜர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். அவன் இன்றைக்கு வரவில்லை, சரிதானே சம்பங்கி என்று கேட்டார். கேட்டார் என்று சொல்வதுகூட மரியாதைக்கு. அவனுடைய பஞ்ச் கார்டை நான் கிழித்தேன். புதுக் கார்டு எடுத்து, ஒன்றாம் தேதி முதல் அவன் வந்த நாட்களையெல்லாம் கடிகார முள்ளைத் திருப்பித் திருப்பிக் குத்தி நிரப்பினேன். பன்னிரண்டாம் தேதியை மட்டும் காலியாக விட்டேன். மஸ்டர் ரோலில் ‘ஏ’ போட்டேன். வராத ஆள் உள்ளே எப்படி வந்தான் என்ற கேள்விக்கு மேனேஜரே பித்தளைத் திருட்டு என்று கதை கட்டினார்.

“ஏன் தாத்தா?”

“பயம்மா. வேலை போயிடும்னு பயம். வேற ஒண்ணும் இல்ல.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானமாவது சொல்லியிருப்பேன். அப்போதும் இன்னொன்றை நான் சொல்லியிருக்க வேண்டாம், ஆனால் சொன்னேன். மூன்றாம் நாள் அவன் பெண்டாட்டி மாதேஸ்வரி இடுப்பில் குழந்தையோடு டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். “சார், நான்தான் சார் சோறு கட்டிக் குடுத்தேன், அஞ்சு மணி பஸ்சுக்குப் போனாரு சார், நல்லாப் பாருங்க சார்” என்றாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் மஸ்டர் ரோலை ஜன்னல் திட்டில் விரித்து, அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த ‘ஏ’ மேல் வைத்தேன். “இங்க பாரும்மா, வரலைன்னு எழுதியிருக்கு” என்றேன். அவள் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

ஹரிணி லேப்டாப்பை மூடினாள்.

“செவ்வாய்க்கிழமை தண்ணி வரும்” என்றாள். “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் என்னை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அந்த ‘நீங்க’ என்னை என்ன செய்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு நாள் இடைவெளி இருந்தது. அதற்குள் என்னென்னவோ யோசித்தேன். மேனேஜர் செத்துவிட்டார், கம்பெனி கைமாறிவிட்டது, மஸ்டர் ரோலை எப்போதோ கரையான் தின்றிருக்கும், இனி யாருக்கு என்ன பயன் என்று ஹரிணியிடம் சொல்லிப் பார்த்தேன். “மாதேஸ்வரியம்மாவுக்கு” என்றாள். அது ஒரு விதத்தில் எனக்கே தெம்பாக இருந்தது. அந்தம்மாவின் காலில் விழலாம் என்று முடிவு செய்தேன். எழுபத்திரண்டு வயதில் விழுந்தால் அது பெரிய காரியம், மன்னித்துவிடுவாள் என்று எண்ணினேன். என் மண்டை இப்படித்தான் ஓடும்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு டிவிஎஸ் வண்டி சத்தம் கேட்டது. முனிராஜ் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து, ஒரே மூச்சில் ஸ்டாண்டில் கவிழ்த்தான். குமிழ் விட்டுத் தண்ணீர் இறங்கியது. காலி கேனை எடுக்கப் போனவனை ஹரிணி உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைக் குனிந்து பார்த்தான்.

“இது யாரும்மா, என்ன மாதிரியே இருக்கறாரு?”

நான் சொன்னேன். உட்கார்ந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் எழுந்து நின்றுவிட்டேன். கார்டைக் கிழித்தது வரை சொன்னேன். விரலைப் பிடித்து வைத்ததைச் சொல்லும் இடத்தில் பேத்தியைப் பார்த்தேன். ஹரிணி உதவிக்கு வரவில்லை. அதையும் நானே சொல்லி முடித்தேன்.

முனிராஜ் படத்துக்கு இன்னும் கிட்டே குனிந்தான். கடிகாரத்தைக் காட்டி, “இது காலையிலயா, சாயங்காலமா சார்?” என்று கேட்டான்.

“காலையில.”

“தேதி வேற போட்டிருக்குதே.”

ஹரிணி அவனுக்கு விளக்கினாள். கேமராவின் தேதி எப்படித் தப்பு, காதுகுத்துப் பத்திரிகையை வைத்து எப்படித் திருத்தினோம், பக்கத்துக் கட்டத்தில் ஆதாரம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

“உங்கம்மாவ நான் பாக்கணும் முனிராஜ்” என்றேன். “கால்ல விழுந்து கேக்கணும்.”

“அம்மா ஆடியில போயிட்டாங்க சார்” என்றான். “உங்களுக்குத் தெரியாதா. ரெண்டு வாரம் தண்ணி போடலன்னு போன் பண்ணித் திட்டினீங்களே, அப்பத்தான்.”

அந்தப் போன் எனக்கு ஞாபகம் இருந்தது. பொறுப்பில்லாத ஜனங்கள் என்று சொல்லியிருந்தேன்.

அவன் என்னைத் திட்டுவான், சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் என்னோடு பேசவே இல்லை, ஹரிணியைப் பார்த்துப் பேசினான்.

“அம்மா இத்தன வருசமும் சொல்லிக்கிட்டே இருந்துச்சும்மா. உங்கப்பன் வேலைக்குத்தான்டா போனாரு, நான்தான் சோறு கட்டினேன்னு. ஸ்கூல்ல திருடன் மகன்னு சொல்றானுங்கன்னு வந்து அழுவேன், அப்பவும் இதையேதான் சொல்லும். பெரிய பையன் ஆனதும் எனக்குக் கோவம் வரும். கம்பெனி புஸ்தகத்துல எழுதியிருக்கறது பொய்யா, எழுதப் படிக்கத் தெரியாத நீ சொல்றது நெசமான்னு கேட்டேன். ஆடி ஒண்ணாந்தேதி மறுபடி ஆரம்பிச்சுது. ஒரு திருடனுக்கு எத்தன வருசம் வக்காலத்து வாங்குவேன்னு கத்திட்டேன். அதுக்கப்புறம் அது அதப் பத்திப் பேசல. பத்து நாள் இருந்துச்சு. பேசாமயே போயிடுச்சு.”

ஹரிணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்பாவ நான் நம்பலன்னாகூடப் பரவால்லம்மா, அவரத் தெரியாது. அம்மாவக் கூடவே இருந்து பாத்தேன். அத நம்பாம அந்தப் புஸ்தகத்த நம்பிட்டேன்.”

படத்தை அவன் போனுக்கு அனுப்பட்டுமா என்று ஹரிணி கேட்டாள். வேண்டாம் என்றான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, அனுப்பு என்றான். காலி கேனை மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அன்று மாலை ஹரிணி ஸ்கிரிப்ட்டைக் கடைசி முறையாக ஓட்டினாள். எழுநூற்றுப் பன்னிரண்டின் குறிப்புக் கட்டம் காலியாக இருப்பதாக அது சொன்னது. என்ன எழுதட்டும் என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள்: திம்மராயன், 12-10-1998, முதல் ஷிப்ட், வேலைக்கு வந்தார். கீழே என் பெயரையும் போடச் சொன்னேன். பிறகு ஆயிரத்து நூற்று நாற்பத்தாறையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி என் மேஜையில் வைத்தாள். லீவு முடிய ஆறு நாள் இருந்தது. ப்ராஜெக்ட் இருக்கிறது என்று மறுநாளே கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டாள். அவள் அப்பாவிடம் போனில் பேசுகிறாள். தாத்தா சாப்பிட்டாரா என்று கேட்கிறாளாம்.

முனிராஜ் இனி வரமாட்டான், வேறு ஆளைப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சரியாகப் பதினோரு மணிக்கு வண்டி வந்தது. கேனை கேட்டுக்கு வெளியே தெருவோரம் இறக்கி வைத்துவிட்டு, மணியடிக்காமல் போய்விட்டான். அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் அப்படித்தான். மகனும் மருமகளும் காலை ஏழு மணிக்கே ஜூஜுவாடி எல்லைச் சாவடி தாண்டி வேலைக்குப் போய்விடுகிறார்கள். இருபது லிட்டர் கேனைத் தூக்குகிற வயது எனக்கு இல்லை. மூடியைத் திறந்து, கேட்டருகே குத்தவைத்து உட்கார்ந்து, கேனைச் சாய்த்துச் சொம்பில் பிடித்து உள்ளே கொண்டுபோய் ஊற்றுகிறேன். முப்பத்திரண்டு நடை ஆகிறது. தெருவில் போகிறவர்கள், ஏன் சார், தண்ணிக்காரப் பையன் உள்ள வந்து வைக்கமாட்டானா என்று கேட்கிறார்கள். அவன் வந்தான், நான்தான் வரவில்லை என்று எழுதிவிட்டேன் என்று சொல்ல நினைக்கிறேன். சொல்வதில்லை, அடுத்த சொம்பைப் பிடிக்கிறேன்.